தொகுத்தறிதல் முறை: n = 1 என்ற முதல் படியை ஏன் தாண்டிப் போகக் கூடாது?

ஒற்றைப்படை எண்களை 1-லிருந்து வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்.

```
1             = 1
1 + 3         = 4
1 + 3 + 5     = 9
1 + 3 + 5 + 7 = 16
```

வருவதெல்லாம் வர்க்க எண்கள். அப்படியானால் முதல் n ஒற்றைப்படை எண்களின் கூடுதல் n² என்று சொல்லிவிடலாமா? நாலு வரியை நம்பி அப்படிச் சொல்ல முடியாது. n² + (n−1)(n−2)(n−3) என்ற கோவையில் n = 1, 2, 3 போட்டுப் பாருங்கள்; அதுவும் 1, 4, 9 என்றே தரும். n = 4 போட்டால் 22 வரும், ஆனால் உண்மையான கூடுதல் 16. முதல் மூன்று வரியோடு நிறுத்தியிருந்தால் இரண்டு சூத்திரத்தில் எது சரி என்று சொல்லவே வழியில்லை. எல்லா n-க்கும் சேர்த்து நிரூபிக்கத்தான் கணிதத் தொகுத்தறிதல் முறை.

படி 1: கூற்றை எழுதுங்கள்

```
P(n):  1 + 3 + 5 + ... + (2n − 1) = n²
```

P(n) என்பது ஒரு எண் இல்லை, ஒரு கூற்று. அது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். "P(1) = 1" என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் நிறைய; "P(1) உண்மை" என்பதுதான் சரி.

படி 2: n = 1

இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இடப்பக்கத்தில் n = 1 போடச் சொன்னால் "1 + 3 + 1" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நடுவில் உள்ள புள்ளிகள் செய்கிற வேலை அது. n என்பது எத்தனை எண்களைக் கூட்டுகிறோம் என்பதைச் சொல்கிறது; n = 1 என்றால் ஒரே ஒரு எண், அதாவது வெறும் 1. வலப்பக்கம் 1² = 1. இரண்டும் சமம், ஆகவே P(1) உண்மை.

படி 3: ஏதோ ஒரு k-க்கு உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்

```
1 + 3 + 5 + ... + (2k − 1) = k²
```

"நிரூபிக்க வேண்டியதையே வைத்துக்கொண்டால் அது என்ன நிரூபணம்?" என்று இந்த இடத்தில் சந்தேகம் வர வேண்டும், வராவிட்டால்தான் கவலை. நாம் எல்லா n-க்கும் உண்மை என்று வைத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு k-ஐ எடுத்து, "அங்கே உண்மையாக இருந்தால் அடுத்த எண்ணில் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்கிறோம். "இருந்தால்" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

படி 4: அடுத்த எண்ணைச் சேருங்கள்

அடுத்த ஒற்றைப்படை எண் 2(k+1) − 1, அதாவது 2k + 1. அதை இரண்டு பக்கமும் கூட்டுங்கள்.

```
1 + 3 + ... + (2k − 1) + (2k + 1) = k² + 2k + 1
                                  = (k + 1)²
```

இதுதான் P(k+1). P(1) உண்மை, அதனால் P(2) உண்மை, அதனால் P(3) உண்மை என்று முடிவில்லாமல் போகும். நிரூபணம் முடிந்தது. சிசிலியைச் சேர்ந்த மௌரோலிக்கோவின் 1575-இல் அச்சான எண்கணித நூலில் இதே கூடுதல் இதே போக்கில்தான் நிறுவப்பட்டிருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: P(k+1)-ஐ முதல் வரியாக எழுதி, சுருக்கிச் சுருக்கி 0 = 0 வரை கொண்டுவராதீர்கள். அது முடிவிலிருந்து தொடங்குவது. இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்தில் வந்து சேருங்கள்.

இப்போது ஒரு பொய்யை "நிரூபிப்போம்"

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்தப் பகுதிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கலாம். "n = 1-ஐச் சரிபார்க்க மறக்காதே" என்று எத்தனை முறை சொன்னாலும் அது ஒரு மார்க்குக்கான சடங்காகவே மனதில் நிற்கும். கரும்பலகையில் இந்தச் சூத்திரத்தை எழுதிப் பாருங்கள்:

```
1 + 3 + 5 + ... + (2n − 1) = n² + 3
```

k-க்கு உண்மை என்று வைத்துக்கொண்டு 2k + 1-ஐக் கூட்டுவோம்.

```
k² + 3 + (2k + 1) = (k + 1)² + 3
```

கச்சிதமாக P(k+1) வந்துவிட்டது. இந்த வரியில் எங்கே தப்பு என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் தப்பே இல்லை. "k-க்கு உண்மையாக இருந்தால் k+1-க்கும் உண்மை" என்பது இந்தச் சூத்திரத்துக்கும் சரிதான். அந்த "இருந்தால்" எங்கேயும் நடப்பதில்லை, அவ்வளவுதான். n = 1-இல் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 4. n = 2-இல் 4, 7. எந்த n போட்டாலும் 3 கூடவே நிற்கும்.

3-க்குப் பதில் 100 போட்டாலும், −8 போட்டாலும் படி 4 இதே மாதிரி நிறைவேறும். காரணம் இதுதான்: ஒரு எண்ணைச் சேர்க்கும்போது கூடுதல் 2k + 1 ஏறுகிறது; சூத்திரமும் அதே அளவு ஏறுகிறதா என்பதை மட்டுமே படி 4 பார்க்கிறது. எங்கிருந்து ஏறத் தொடங்கியது என்பது அதற்குத் தெரியாது. முந்தைய சவாரியின் கட்டணத்தை அழிக்காமலே ஓடத் தொடங்கிய ஆட்டோ மீட்டர் மாதிரி; கிலோமீட்டருக்கு ஏறுவது சரியாக இருக்கும், கேட்கிற தொகை தப்பாக இருக்கும்.

n² + c என்று பொதுவாக எழுதினால் இன்னும் தெளிவு. படி 4 எந்த c-யையும் ஏற்றுக்கொள்ளும். n = 1 போட்டால் 1 = 1 + c, ஆகவே c = 0. அந்த c-யைப் பிடித்து நிறுத்துவது முதல் படி ஒன்றுதான்.

முதல் படி எப்போதும் n = 1 தானா?

இல்லை. 5-லிருந்து தொடங்கும் கூடுதலை எடுங்கள்:

```
5 + 7 + ... + (2n − 1) = n² − 4      (n ≥ 3)
```

n = 1 போட்டால் −3 வருகிறதே என்று இதைத் தள்ளிவிட முடியாது; n = 1-க்கு இந்தக் கூடுதலே கிடையாது. முதல் எண் 5 ஆக வேண்டுமானால் 2n − 1 = 5, அதாவது n = 3. அங்கே இடப்பக்கம் 5, வலப்பக்கம் 9 − 4 = 5. படி 4 பழையபடியே: k² − 4 + 2k + 1 = (k+1)² − 4. சூத்திரம் சரி. முன்னால் +3 பொய்யானது, இங்கே −4 மெய்யாகிறது. படி 4-இல் ஒரு மாற்றமும் இல்லை, தொடங்கிய இடம் மட்டும் வேறு.

முதல் படி மட்டும் சரியாக இருந்தால்?

ஆரம்பத்தில் பார்த்த n² + (n−1)(n−2)(n−3)-க்கு வருவோம். n = 1-இல் அது சரி. படி 4-ஐச் செய்தால் கிடைப்பது (k+1)² + (k−1)(k−2)(k−3). வர வேண்டியது (k+1)² + k(k−1)(k−2). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3(k−1)(k−2). k = 1, 2-இல் அது பூஜ்யம், அதனால்தான் 1-லிருந்து 2-க்கும் 2-லிருந்து 3-க்கும் தடையில்லாமல் போனோம். k = 3-இல் வித்தியாசம் 6. 22-க்கும் 16-க்கும் நடுவே இருந்த அதே 6.

இனி நீங்கள் செய்து பார்க்க ஒன்று: 2 + 4 + ... + 2n = n² + n + 2. படி 4 நிறைவேறுகிறதா, முதல் படி நிறைவேறுகிறதா என்று தனித்தனியாக எழுதுங்கள். பிறகு அதே கூடுதலை 2-க்குப் பதில் 6-லிருந்து தொடங்கி, எந்த n-இல் சரிபார்க்க வேண்டும், கடைசியில் உள்ள +2-க்குப் பதில் என்ன வர வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்.