நேர்முகத் தேர்வுக் குறிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நன்றாகப் பேசுகிறார்", "தன்னம்பிக்கை உண்டு", "அனுபவம் போதாது". தேர்வாளர்களின் தாளில் அதிகம் காணப்படும் வரிகள் இவை. இவை எல்லாமே தீர்ப்புகள். எதைக் கேட்டு அப்படி முடிவு செய்தோம் என்பது தாளில் இல்லாததால், மாலையில் எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் போட ஆதாரம் கிடைக்காது.

"குறித்த நாளில் வேலை முடியாது என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள். பதிலை வரிக்கு வரி எழுதப் போனால் முகம் பார்த்துக் கேட்க முடியாது, அடுத்துக் கேட்க வேண்டியதும் தவறிவிடும். செயல், எண், விளைவு மட்டும் துண்டு துண்டாக எழுதினால் போதும்:

"2 வாரம் முன்பே தெரிந்தது. அன்றே மேலாளரிடம் சொன்னார். 5 பகுதியில் 2 தள்ளிவைக்க யோசனை இவருடையது. 3 குறித்த நாளில் முடிந்தது. வாடிக்கையாளரிடம் கேட்டாரா?"

கடைசிக் கேள்விக்குறி முக்கியமானது. சொல்லப்படாததைக் குறித்து வைத்தால்தான் உடனே கேட்க முடியும். "பிறகுதான் தெரிவித்தோம்" என்று பதில் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணுக்கான அளவுகோலை முதல் நேர்காணலுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு இப்படி வைக்கலாம்: பழியைப் பிறர் மேல் போட்டு நின்றுவிட்டால் 1, நேரத்தில் தெரிவித்து உத்தரவுக்குக் காத்திருந்தால் 3, மாற்று வழியோடு வந்து, பாதிக்கப்படுவோரின் சம்மதமும் பெற்று முடித்தால் 5. மேலே சொன்னவர் மாற்று வழி கொண்டுவந்தார், சம்மதம் பெறவில்லை. எனவே 4. ஏன் 4 என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்த பெரிய தவறு, எல்லோரையும் பார்த்து முடித்தபின் மொத்தமாக மதிப்பெண் போடுவது. அதற்குள் ஒருவர் சொன்னது இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். மிகத் திறமையான ஒருவருக்கு அடுத்து வந்தவர், அந்த ஒப்பீட்டினாலேயே மங்கலாகத் தெரிவார். ஒருவரைப் பற்றிய மொத்த அபிப்பிராயம் அவருடைய எல்லாப் பதில்களிலும் படிந்து, எல்லாக் கேள்விக்கும் ஒரே எண் விழும். ஒரு தாளில் 4, 4, 4, 4 என்று வரிசையாக இருந்தால் குறிப்பை மறுபடி படியுங்கள்.

இரண்டு நேர்காணல்களுக்கு நடுவே 15 நிமிடம் ஒதுக்கினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். முதலில் குறிப்பில் விடுபட்டதை நிரப்புங்கள், பிறகு கேள்வி கேள்வியாக எண் போடுங்கள். குழுவாக அமர்ந்திருந்தால், எல்லோரும் எண்ணை எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மூத்தவர் "எனக்குப் பிடித்தது" என்று சொல்லிவிட்டால், மற்றவர்களின் பேனா அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

நேர்காணல் நடக்கும்போதே எண் எழுதவும் வேண்டாம். எதிரே இருப்பவர் கண்ணில் படலாம், முதல் எண் அடுத்த பதில்களைக் கேட்கும் விதத்தையும் மாற்றும். ஆளை நினைவில் வைக்க உடை, தோற்றம், குடும்பம் பற்றிக் குறிப்பதும் ஆகாது. தன்னைப் பற்றிய குறிப்புகளை விண்ணப்பித்தவர் கேட்டுப் பெறும் உரிமை சில நாடுகளில் சட்டத்திலேயே உண்டு.

எல்லோரும் முடிந்தபின், ஒரே கேள்விக்கு அனைவர் பெற்ற எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. ஆனால் எண்ணை மாற்ற வேண்டுமானால், அதற்கு ஆதாரமான வரி அன்று எழுதிய குறிப்பிலேயே இருக்க வேண்டும்.