மழைக்காலத்தில் பழைய கம்ப்யூட்டர் ‘பீப்’ அடித்தால்

குடியாத்தத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் மூடியிருந்து திறந்தால், சுவரோரம் இருக்கும் பழைய மெஷின் மட்டும் விட்டுவிட்டு நீளமாகப் பீப் அடிக்கும். ஃபேன் சுற்றும், திரை இருட்டு. கடைக்காரர் மதர்போர்டை மாற்ற ஓடுவதில்லை. பெரும்பாலும் ரேமின் பித்தளை நிறப் பற்களில் ஈரத்தால் படிந்த மெல்லிய படலம்தான் காரணம்.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்கிறார். மிச்சமுள்ள மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றி, பற்களை வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக, இரண்டு பக்கமும் தேய்க்கிறார். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சையே உரித்துவிடும். ரப்பர் தூளைத் துடைத்து, ஸ்லாட்டைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு கிளிப்பும் ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்துகிறார்.

அப்படியும் பீப் நிற்காவிட்டால், ஒரே ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் வராத நாளிலும் எல்லா மெஷினையும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டில் ஈரம் தங்காது.