கிலோ விலையா, நூறு கிராம் விலையா? கடையில் நின்றபடியே ஒப்பிடும் முறை

ஒரே சீரகம் நான்கு அளவில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூஸில் 100 கிராம் 38 ரூபாய், 50 கிராம் பாக்கெட் 21 ரூபாய், 200 கிராம் 71 ரூபாய், 500 கிராம் 184 ரூபாய். (விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊரில் வேறாக இருக்கும்.) எது மலிவு என்று பார்த்தவுடன் சொல்வது கடினம். நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் விடை தானாக வந்துவிடும்.

படி 1: எந்த அளவில் ஒப்பிடுவது என்று முடிவுசெய்யுங்கள்

அரிசி, பருப்பு, ரவை, சர்க்கரைக்குக் கிலோ விலை வசதி. சீரகம், மிளகு, ஏலக்காய், முந்திரிக்கு 100 கிராம் விலை வசதி, ஏனென்றால் நாம் வாங்குவதே அந்த அளவில்தான். எதை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றக் கூடாது.

படி 2: எடையையும், உண்மையில் கொடுக்கப்போகும் விலையையும் பாருங்கள்

பாக்கெட்டின் உருவத்தை நம்பாதீர்கள். முன்பெல்லாம் 200 கிராம் இருந்த பாக்கெட் அதே உயரத்தில் 170 கிராமாக நிற்கலாம். பின்பக்கம் நிகர எடை என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். விலையில் எம்.ஆர்.பி. வேண்டாம், தள்ளுபடி போக பில்லில் விழும் தொகைதான் வேண்டும்.

படி 3: 100 கிராமுக்கு மாற்றுங்கள்

வழக்கமான எடைகளுக்கு மனக்கணக்கே போதும். 50 கிராம் விலையை இரண்டால் பெருக்குங்கள். 200 கிராம் என்றால் இரண்டால் வகுங்கள், 500 கிராம் என்றால் ஐந்தால் வகுங்கள். நம் சீரகத்தில் 50 கிராம் பாக்கெட் 100 கிராமுக்கு 42 ரூபாய் ஆகிறது. லூஸ் 38, 200 கிராம் பாக்கெட் 35.50, 500 கிராம் பாக்கெட் 36.80. ஆக, பெரிய பாக்கெட்டை விட நடுத்தரமானதுதான் மலிவு. பெரிதாக வாங்கினால் லாபம் என்பது பெரும்பாலும் சரிதான். எப்போதும் சரி என்று நினைத்து 500 கிராமை எடுத்தால் இங்கே கூடுதலாகக் கொடுத்து, கடைசியில் மணம் போன சீரகத்தையும் தாளிக்க வேண்டிவரும்.

170, 65, 850 என்று ஒழுங்கில்லாத எடை வந்தால் கைபேசியின் கால்குலேட்டரை எடுங்கள்:

```
100 கிராம் விலை = விலை ÷ கிராம் × 100
கிலோ விலை = விலை ÷ கிராம் × 1000
```

170 கிராம் 63 ரூபாய் என்றால் 63 ÷ 170 × 100 = 37.06. எடையை விலையால் வகுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது வருவது ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் என்பது. அதில் பெரிய எண்தான் மலிவு. பாதிக் கணக்கை ஒரு வழியிலும் பாதியை மறு வழியிலும் போட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

படி 4: கிலோவுக்கு மாற்றிச் சரிபாருங்கள்

100 கிராம் விலையைப் பத்தால் பெருக்கினால் கிலோ விலை. 35.50 என்பது கிலோ 355 ரூபாய். கால் கிலோ விலையை நான்காலும், அரைக் கிலோ விலையை இரண்டாலும் பெருக்குங்கள். கால் கிலோ 89 என்றால் கிலோ 356. புள்ளி ஓரிடம் தவறியிருந்தால் சீரகம் கிலோ 35 என்றோ 3,550 என்றோ வந்து நிற்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மளிகைக் கடையில் கிலோ விலை, நூறு விலை இரண்டையும் கேளுங்கள். கிலோ 360 என்று சொல்பவரே நூறு கிராமை 36-க்குத் தராமல் 40-க்குத் தருவது சகஜம். சில்லறையாக நிறுத்துத் தருவதற்கு அவர் வைக்கும் விலை அது. நீங்கள் நூறு வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கான விலை 40-தான். கிலோ விலையோடு பாக்கெட்டை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறதே?

ஆம். பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் 2021-ல் செய்த திருத்தத்தின்படி, எம்.ஆர்.பி.-யோடு அலகு விலையும் இருக்க வேண்டும். பல பாக்கெட்டுகளில் அது `USP` அல்லது `Unit Sale Price` என்று இருக்கும். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமுக்கான விலையும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோவுக்கான விலையும் அச்சாகும். 800 கிராம் பாக்கெட்டில் 0.07 என்றும், பக்கத்திலிருக்கும் 2 கிலோ பையில் 66.00 என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம். முதலாவதை 1,000-ஆல் பெருக்குங்கள், கிலோ 70. சரியாக ஒரு கிலோ பாக்கெட்டில் இது இல்லாமலும் இருக்கலாம், எம்.ஆர்.பி.-யே கிலோ விலை என்பதால்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அச்சிடும்போது இரண்டு தசம இடத்தோடு முழுமையாக்கிவிடுகிறார்கள். அரைக் கிலோ ரவை ஒன்று 28 ரூபாய், இன்னொன்று 32 ரூபாய் என்றால், கிராமுக்கு 0.056, 0.064. இரண்டிலும் 0.06 என்றே அச்சாகும்! கிலோவுக்கு மாற்றினால் 56-ம் 64-ம். எட்டு ரூபாய் வித்தியாசம் அந்த முழுமையாக்கலில் மறைந்துபோகிறது. ஏலக்காய் மாதிரி விலை உயர்ந்ததில் இது பொருட்டல்ல. ரவை, மைதா, உப்பில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் நீங்களே வகுத்துப் பாருங்கள். அந்த எண் எம்.ஆர்.பி.-யை வைத்துப் போட்டது என்பதையும் மறக்காதீர்கள். தள்ளுபடி இருக்கும் நாளில் அதற்கு வேலையே இல்லை.

எண்ணெயில் மட்டும் கூடுதலாக ஒரு படி

எண்ணெய் பாக்கெட்டுகளில் சில 1 லிட்டர், சில 850 கிராம். இரண்டும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசானது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம் வரும். பாக்கெட்டிலேயே லிட்டரும் கிராமும் சேர்த்துப் போட்டிருப்பதுண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1 லிட்டர் 180 ரூபாய், 850 கிராம் 172 ரூபாய் என்று வைப்போம். எட்டு ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதைக் கூடையில் போடத் தோன்றும். கிராமில் பார்த்தால் 180 ÷ 910 × 1000 = 197.80; 172 ÷ 850 × 1000 = 202.35. விலை குறைந்த பாக்கெட்தான் கிலோவுக்கு நாலரை ரூபாய் அதிகம். இதே விலைக்கணக்கில் 850 கிராம் 168 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் அது மலிவு.

நெய்யிலும் இதே சிக்கல் வரும். 500 மில்லி பாட்டிலும் 500 கிராம் டப்பாவும் ஒன்றல்ல, மில்லியில் உள்ளது எடையில் குறைவு.

ஒப்பிடவே கூடாதவை

ஃபில்டர் காப்பித்தூளில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80:20 கலவையும் 60:40 கலவையும் நூறு கிராம் விலையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றாலும் அவை வேறு வேறு பொருள். கூட்டுப் பெருங்காயத்திலும் மாவும் பிசினும் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலை குறைந்த தூளை இரண்டு மடங்கு போட வேண்டியிருந்தால் கணக்கை அந்த இரண்டு மடங்குக்குத்தான் போட வேண்டும்.