நடுக்காது தொற்று: ஆன்டிபயாடிக் காத்திருக்கலாம், வலி மருந்து காத்திருக்கக் கூடாது

சின்னக் குழந்தைக்கு நடுக்காதில் தொற்று என்று தெரிந்தும், "இப்போதைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், இரண்டு மூன்று நாள் பார்ப்போம்" என்று மருத்துவர் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவில் பெரும்பாலும் தவறு இருப்பதில்லை. கிளினிக்கை விட்டு வெளியே வந்தபின் வீட்டில் நடப்பதில்தான் தவறு. புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள் ஒவ்வொருவரும் அதையே திரும்பச் செய்கிறார்கள். காதில் பட்ஸ் விடாதீர்கள் என்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்த அறிவுரைகளை இங்கே விட்டுவிடலாம்.

எல்லாக் குழந்தைக்கும் காத்திருப்பு பொருந்தும் என்று நினைப்பது

காத்திருப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வலி லேசாகவும், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் இருந்தால், ஒரு காதோ இரண்டு காதோ, காத்திருக்கலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை ஒரே காதில் மட்டும் லேசான தொற்று என்றால்தான் காத்திருக்கலாம். அந்த வயதில் இரண்டு காதும் பாதித்திருந்தால் ஆன்டிபயாடிக் தேவை. ஆறு மாதத்துக்குக் கீழே காத்திருக்கும் பேச்சே இல்லை. காதிலிருந்து சீழ் வடிந்தாலும், வலி கடுமையாக இருந்தாலும், கிளினிக்குக்கு வரும்போதே வலி தொடங்கி 48 மணி நேரம் கடந்திருந்தாலும் அப்படித்தான். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை, பிளவுபட்ட அண்ணம் உள்ள குழந்தை, காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தை ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மோசமானால் உடனே மருத்துவரிடம் போக வழியில்லாத குடும்பத்துக்கும் பொருந்தாது. இதை மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

காத்திருப்பது என்றால் மருந்தே இல்லை என்று எடுத்துக்கொள்வது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொன்னதை, மருந்தே வேண்டாம் என்று சொன்னதாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். குழந்தை இரவு முழுக்க அலறுகிறது. மறுநாள் காலை வேறொரு மருத்துவரிடம் ஓடி ஆன்டிபயாடிக் வாங்கி வருகிறார்கள். அன்று இரவு குழந்தை தூங்குகிறது. "முதல் நாளே கொடுத்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாமே" என்ற முடிவு அந்த வீட்டில் நிரந்தரமாகிவிடுகிறது.

அந்த இரண்டாம் இரவின் தூக்கத்துக்கு ஆன்டிபயாடிக் காரணமாக இருப்பது அரிது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், முதல் 24 மணி நேரத்தில் பத்தில் ஆறு குழந்தைகளுக்கு வலி தானாகவே அடங்குகிறது. அந்த ஒரு நாளில் மருந்துக்கும் வெற்றுச் சிரப்புக்கும் இடையே வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டாவது, மூன்றாவது நாளில் சற்றுப் பலன் தெரியும். அதுவும் சுமார் 20 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி குறையும் அளவில்தான். இன்னொரு பக்கம், 14 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தோல் தடிப்போ கூடுதலாக வரும். செவிப்பறைக்குப் பின்னால் திரவம் சேர்ந்து அழுத்துவதால் வருவது இந்த வலி. கிருமியைக் கொல்லும் மருந்து அந்த அழுத்தத்தை அன்றிரவே இறக்கிவிடாது. முதல் இரவை வலி மருந்தைக் கொண்டுதான் கடக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழந்தைக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. வலது காதில் தொற்று, காய்ச்சல் 38.3. மருத்துவர் பாரசிட்டமால் எழுதி, காத்திருக்கச் சொல்கிறார். வீட்டில், தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தபோது மட்டும் 2.5 மி.லி. சிரப் கொடுக்கிறார்கள். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால், குழந்தைக்குப் போனது 60 மி.கி., கிலோவுக்கு 5 மி.கி. தேவையானதோ கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 180 மி.கி. மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, "பாரசிட்டமால் கேட்கவில்லை" என்கிறார்கள்.

180 மி.கி. என்பது எத்தனை மி.லி. என்று பாட்டிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் 7.5 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 3.6 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.8 மி.லி. ஒரு பாட்டிலின் அளவை இன்னொரு பாட்டிலுக்குக் கொண்டுபோனால் ஆபத்து: அந்த 7.5 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் 750 மி.கி., நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே மருந்துச் சீட்டில் மி.லி. மட்டும் இருந்தால் மி.கி.யையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

அடுத்தது நேரம். காதுவலி இரவில்தான் கூடும். படுத்தால் அழுத்தம் ஏறும், கவனம் திரும்ப வேறெதுவும் இருக்காது. வாய்வழி மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அழுகை உச்சத்துக்குப் போனபின் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரமும் அலறல்தான். முதல் ஒன்றிரண்டு நாளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமல், வலிக்காகவே, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. நம் குழந்தைக்கு மாலை 7 மணிக்கு ஒரு முறை, இரவு 1 மணிக்கு விழித்தால் இன்னொரு முறை. நிம்மதியாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம்.

முழு அளவு கொடுத்தும் அடுத்த வேளைக்கு முன்பே வலி திரும்பினால் இபுப்ரூஃபன் சேர்க்கலாம். கிலோவுக்கு 10 மி.கி., இந்தக் குழந்தைக்கு 120 மி.கி.; 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி., எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் இடைவெளி விட்டு, கொடுத்த மருந்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவில் அப்பா கொடுத்ததும் அம்மா கொடுத்ததும் சேர்ந்து இரட்டிப்பாவது அடிக்கடி நடக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றியிருந்தால் இபுப்ரூஃபன் கூடாது. அம்மை போட்டிருந்தாலும், ஆறு மாதத்துக்குக் கீழே மருத்துவர் சொல்லாமலும் கூடாது. சளி சிரப் ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதன் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கும்.

"வலியை அமுக்கிவிட்டால் நோய் மறைந்துவிடாதா?" என்பதுதான் மருந்தைப் பிடித்துவைப்பதற்குச் சொல்லும் காரணம். புடைத்த செவிப்பறை பாரசிட்டமாலால் தட்டையாகிவிடாது, காதுக்குப் பின்னால் வரும் வீக்கமும் மறையாது. நிலவரம் தெரிய வேண்டுமானால் மருந்து உச்சத்தில் இருக்கும்போது பார்க்காமல், அடுத்த வேளைக்குச் சற்று முன்பு பாருங்கள். அந்த நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது, முந்தைய நாள் அதே நேரத்தைவிட மேலா மோசமா என்பதுதான் அளவுகோல்.

இதே தவறின் மறுபக்கம் ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக் தொடங்கியதும் வலி மருந்தை நிறுத்திவிடுவது. மேலே சொன்ன காரணத்தால் முதல் 24 மணி நேரம் அந்தக் குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்காது.

கையில் இருக்கிறதே என்று ஆரம்பிப்பது

சில மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் சீட்டை எழுதிக் கொடுத்து, "மூன்றாம் நாள் வரை பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் வாங்குங்கள்" என்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அன்றே வாங்கி, தூளில் நீர் கலந்து பிரிட்ஜில் வைத்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு அதை எடுக்காத பெற்றோர் குறைவு. கலந்த மருந்தின் ஆயுளும் சில நாட்களே, லேபிளில் போட்டிருக்கும். வாங்கினாலும் தூளாகவே இருக்கட்டும்.

எப்போது தொடங்குவது? 48 முதல் 72 மணி நேரத்தில் தேறவில்லை என்றால். தேறுவது என்றால் வலி முற்றிலும் போவது அல்ல. காய்ச்சல் இறங்குவது, தூக்கம் நீள்வது, சாப்பாடு உள்ளே போவது, வலி மருந்துக்கான இடைவெளி தானாக விரிவது இவையே அறிகுறிகள். இடையிலேயே மோசமானால் 72 மணி நேரம் வரை பொறுக்கத் தேவையில்லை, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கும்போது முதல் தேர்வு பொதுவாக அமாக்சிசிலின். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2013 வழிகாட்டுதல்படி நாளுக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. 12 கிலோ குழந்தைக்கு வேளைக்குச் சுமார் 500 மி.கி. "இவ்வளவா!" என்று பயந்து பாதியாக்குபவர்கள் இருக்கிறார்கள். நடுக்காதின் திரவத்துக்குள் போதுமான மருந்து போய்ச் சேரவே அந்த அளவு. எத்தனை நாள் என்பதை வயதைப் பார்த்து மருத்துவர் சொல்வார். முன்பு பென்சிலின் வகை மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

சீழ் வந்ததும் "குணமாகிவிட்டது" என்பது

அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகி, தலையணையில் ஈரம் தெரிந்தால் செவிப்பறையில் சிறு துளை விழுந்து அழுத்தம் இறங்கியிருக்கிறது. வலி போனது உண்மை. ஆனால் காத்திருப்பு அத்தோடு முடிந்தது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். துளை பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

காதில் எண்ணெய்

வேண்டாம். துளை இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பிரின்

குழந்தைக்குக் கூடவே கூடாது.

அபாய அறிகுறியை வலியின் அளவில் தேடுவது

அழுகைச் சத்தத்தை விட முக்கியமானவை வேறு. காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவந்து வீங்குவது, காது மடல் முன்னோக்கித் தள்ளப்பட்டு நிற்பது, முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைப்பது, நடை தள்ளாடுவது, எழுப்பினாலும் மந்தமாகவே இருப்பது, நிற்காத வாந்தி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த நாள், எந்த மணி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாகவே வரும், வந்தால் நேரம் முக்கியம்.

தேறியபின் திரவத்துக்கு மருந்து கேட்பது

வலியும் காய்ச்சலும் போனபின்னும் செவிப்பறைக்குப் பின்னால் திரவம் தங்கும். ஒரு மாதம் கழித்தும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு இருக்கும். மூன்று மாதத்தில் பத்தில் ஒன்றுக்கு. அதுவரை கேட்கும் திறன் சற்று மங்கலாம், டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். இது கிருமித் தொற்று அல்ல, ஆன்டிபயாடிக் தேவையில்லை. மூன்று மாதம் கடந்தும் திரவம் நின்றால் கேட்கும் திறன் பரிசோதனை செய்ய வேண்டும். பேச்சு ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் குழந்தைக்கு அதற்கு முன்பே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.