இரண்டாம் வகுப்பில் பண்டிகைப் பாடம்: முதல் கேள்வியிலேயே நடக்கும் தவறுகள்

பண்டிகைப் பாடம் என்றதும் பலர் பலகையில் பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று வரிசையாக எழுதிவிட்டு, "யார் யார் வீட்ல எது கொண்டாடுவீங்க, கை தூக்குங்க" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், இருபத்து நாலு பிள்ளைகள் இருந்த வகுப்பு ஒரே நொடியில் மூணு நாலு கூட்டமாகப் பிரிந்துவிடும். ஏழு வயசுப் பிள்ளைக்கு அதுவரை பக்கத்தில் இருப்பவன் பென்சில் கடன் கொடுப்பவன், இப்போது அவன் "கிறிஸ்துமஸ் கூட்டம்". யாரையும் ஒதுக்காமல் எல்லா வீட்டு வழக்கத்தையும் வகுப்புக்குள் கொண்டுவரத்தான், வட்டமாக உட்கார்ந்து பேசும் பகிர்வு வட்டமும் வரைவதற்குப் படத்தாளும் வைக்கிறோம், ஆனால் கேட்கும் முதல் கேள்வியே அதற்கு நேர்மாறான வேலையைச் செய்துவிடுகிறது.

நம்ம குமரி மாவட்டத்தில் இந்த நாலு பெயர்ப் பட்டியல் பாதிப் பேருக்குக்கூடப் பொருந்தாது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் பல வீடுகளில் ஓணத்துக்கு அத்தப்பூ போடுவார்கள், விஷுவுக்குக் கணி வைப்பார்கள். அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாசி 20 தான் பெரிய நாள், அன்றைக்கு நாகர்கோவிலில் இருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போகும். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சுசீந்திரம் தேர், தக்கலை பீரப்பா தர்கா விழா என்று ஒவ்வொரு ஊருக்கும் அதன் நாள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களிலேயே கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுகிற வீடும் உண்டு, கிறிஸ்துமஸே கொண்டாடாத பெந்தெகொஸ்தே வீடும் உண்டு. பட்டியலை நீட்டிக்கொண்டே போனாலும் ஒரு பிள்ளை விடுபடும். எனவே பட்டியலே வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "மக்களே, உங்க வீட்ல மத்த நாள் மாதிரி இல்லாம வேற மாதிரி இருக்கிற ஒரு நாள் எது? அன்னைக்கு நீ உன் கையால என்ன செய்வே?" இந்தக் கேள்வியில் பண்டிகைப் பெயரும் இல்லை, மதமும் இல்லை. "உன் கையால" என்பதை விட்டுவிடாதீர்கள், பாடத்தைத் தாங்குவதே அந்தச் சொல்தான். ஏழு வயசுப் பிள்ளையிடம் "இதை ஏன் கொண்டாடுகிறோம்" என்று கேட்டால் எங்கோ கேட்ட ஒரு வரியை ஒப்பிக்கும், அதற்கு மேல் ஒன்றும் வராது. "நீ என்ன செய்வே" என்று கேட்டால், கார்த்திகைக்குப் பனையோலைக்குள் மாவைத் திணித்துக் கொடுத்ததையும், குடிலுக்கு வைக்கோல் பரப்பியதையும், நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளி கொண்டுபோனதையும் அது தானாகச் சொல்லும்.

"வீட்ல எல்லாரும் ஒண்ணா இருக்கிற நாள் எது" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல எண்ணத்தோடு கேட்பதுதான், ஆனால் அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த "எல்லாரும்" குத்தும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வராது, பண்டிகைக்கென்று திரும்பவும் முடியாது. "வேற மாதிரி இருக்கிற நாள்" என்று கேட்டால் படகுக்காரர் வீட்டுப் பையன் அப்பா கரை வந்த நாளைத் தாராளமாக வரையலாம். அது பண்டிகையா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் கொண்டாட்டம் இருக்காது, அந்தப் பிள்ளை "இந்த வருஷம் இல்ல" என்று சொன்னால் "போன வருஷம்?" என்று துருவக் கூடாது, எந்த நாளை வரைந்தாலும் சரி என்று விட்டுவிட வேண்டும்.

அடுத்து படத்தாள். குத்துவிளக்கு, பொங்கல் பானை, நட்சத்திரம், பிறை எல்லாம் அச்சடித்த தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதுக்கு வண்ணம் தீட்டு" என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கலாம், ஆனால் எது பண்டிகை, எது இல்லை என்று அந்தத் தாளே முடிவு செய்துவிடுகிறது. தன் வீட்டு அடையாளம் அதில் இல்லாத பிள்ளை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பானைக்கு மஞ்சள் தீட்டும், நாமும் "அழகா இருக்கே" என்போம். தாள் வெறுமையாக இருக்கட்டும். ஒரு ஏ4 தாள், மேலே முக்கால் பங்குக்கு ஒரு கட்டம், கீழே "அன்று நான் ____" என்று ஒரு வரி. இரண்டாம் வகுப்புக் கையெழுத்து பெரிது, அதனால் அந்த வரிக்கு இரண்டு விரல் உயரம் இடம் விடுங்கள். எழுத வராத பிள்ளை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக் கொடுங்கள், ஆனால் அது சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

முதலில் பேச்சு, பிறகு படம் என்று வைப்பதுதான் வழக்கம். நான் மாற்றி வைக்கச் சொல்வேன். பேச்சை முதலில் வைத்தால், முதலில் பேசும் இரண்டு வாயாடிகள் மத்தாப்பு, புது டிரெஸ் என்று தொடங்குவார்கள், அப்புறம் வகுப்பு முழுக்க அதையே சொல்லும், அதையே வரையும். பத்துத் தாளில் ஒரே படம் வந்தால், கேள்விக்குப் பதில் வரவில்லை, பக்கத்துப் பதில்தான் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முதல் நாள் இருபது நிமிஷம் வரையட்டும். மறுநாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். கூச்சப்படும் பிள்ளைக்குப் படம் பெரிய துணை, ஒன்றும் பேசாமல் விரலை வைத்துக் காட்டினாலும் போதும். ஆசிரியர் மாதிரிக்கு ஒன்று சொல்லியாக வேண்டும் என்றால் தன் வீட்டுப் பெரிய பண்டிகையைச் சொல்லாமல், எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு வேலையைச் சொல்லலாம், அம்மா தேங்காய் துருவும்போது பக்கத்தில் இருந்து அள்ளித் தின்றது மாதிரி.

வட்டத்தின் அளவிலும் தவறுகிறோம். இருபத்து நாலு பேரை ஒரே வட்டமாக உட்கார வைத்தால், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் நாற்பத்தெட்டு நிமிஷம் ஆகிறது, இந்த வயசுப் பிள்ளைகள் கால் மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் கேட்க மாட்டார்கள். கடைசியில் பேசுபவர்களை யாரும் கேட்பதில்லை, அந்தக் கடைசி இடத்தில் பெரும்பாலும் அமைதியான பிள்ளைகள்தான் இருப்பார்கள். நாளுக்கு எட்டுப் பேர் என்று மூன்று நாள் வையுங்கள். ஒவ்வொரு நாளும் அந்த எட்டுப் பேர் வெவ்வேறு தெருவில் இருந்து வருபவர்களாக இருக்கும்படி நீங்களே பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாக உட்காரும் வரிசைப்படி எடுத்தால் ஒரே தெருக்காரர்கள் சேர்ந்துவிடுவார்கள். ஒரு சிப்பியோ சோழியோ கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். பேச விருப்பமில்லை என்றால் காரணம் சொல்லாமல் அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம், வட்டம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை "இப்போ சொல்றியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அய்யாவழிக் குடும்பத்துப் பையன் ஒருவன் ஒரு கண்ணாடி, அதன் முன்னால் விளக்கு, பக்கத்தில் தலைப்பாகை கட்டிய தாத்தா என்று வரைந்திருந்தான். எதிரே இருந்த பிள்ளை, "கோயில்ல எதுக்குக் கண்ணாடி? சாமி எங்க?" என்று கேட்டது. இந்த இடத்தில்தான் நமக்கு வாய் துறுதுறுக்கும். "அதுவும் ஒரு கோயில்தான், எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி மூடிவிடத் தோன்றும், இல்லை என்றால் அய்யா வைகுண்டர் வரலாறு முழுவதையும் நாமே சொல்லத் தோன்றும். இரண்டுமே அந்தப் பையன் கையில் இருந்து படத்தைப் பிடுங்குவதுதான். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்த்தார். "அதுல நம்ம முகம் தெரியும். அதப் பாத்துத்தான் கும்பிடுவோம்" என்றான். "சரி, உனக்கு நாமம் யாரு போட்டு விடுவா?" என்று மட்டும் கேட்டார். "தாத்தா. நான் கண்ணை மூடிக்குவேன், பொடி விழும்." கேட்ட பிள்ளைக்கு அது போதும், தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

அதே வட்டத்தில் ஒரு பெண் பிள்ளை, "எங்க வீட்ல பண்டிகை ஒண்ணும் கிடையாது டீச்சர்" என்றாள். இதற்குப் "பரவாயில்ல மக்களே" என்று சொல்லிவிடாதீர்கள். அவளிடம் ஏதோ குறை இருப்பது மாதிரியும் நாம் மன்னித்துவிட்ட மாதிரியும் ஆகிவிடும். அவள் தாளில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லோருக்கும் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதை வரைந்திருந்தாள். "எத்தனை புஸ்தகம் தூக்குவே?" என்று கேட்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பண்டிகைப் பெயர் சொல்லச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் தாள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

என்ன டிரெஸ், எத்தனை ரூபாய்ப் பட்டாசு, என்ன பரிசு என்ற பக்கம் பேச்சு திரும்பினால் உடனே "அதை யாரு செஞ்சா? நீ எதைத் தொட்டே?" என்று கைக்குத் திருப்பிவிடுங்கள். வாங்கிய பொருள் என்றால் யாரிடம் அதிகம் என்று கணக்குத் தொடங்கிவிடும். பலகாரம் கொண்டுவரச் சொல்வதும் வேண்டாம். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் வற்றல் எல்லாம் நம்ம ஊரில் எல்லாருக்கும் பிடித்ததுதான், ஆனால் செய்து கொடுத்துவிட முடியாத வீடும் உண்டு, வேறு வீட்டுப் பூஜையில் படைத்ததை உண்ணக் கூடாது என்று வளர்க்கும் வீடும் உண்டு.

வழிபாட்டைச் செய்து காட்டச் சொல்வது இன்னொரு தவறு. "எப்படி ஜெபிப்பீங்க, எல்லாரும் செய்வோமா" என்று வகுப்பையே கைகூப்ப வைக்கக் கூடாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்றும், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்றும் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை தான் செய்வதைச் சொல்லலாம், வரையலாம், மற்றவர்கள் கேட்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதால் வரும் வம்பு தனி. 1982-இல் மண்டைக்காட்டில் கலவரம் நடந்து துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனதைப் பார்த்தவர்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த பிள்ளை திடீரென்று "இன்னைக்கு டீச்சர் கோயில் கதை சொன்னாங்க" என்றோ "சர்ச் கதை சொன்னாங்க" என்றோ சொன்னால் வீட்டில் சந்தேகம் வருவது இயல்பு. மூன்று நாள் முன்னதாக ஒரு துண்டுச் சீட்டு போதும்: "உங்கள் பிள்ளை வீட்டில் சிறப்பான ஒரு நாளில் தான் செய்யும் ஒரு வேலையை வரையப் போகிறது. எந்த வழிபாடும் வகுப்பில் நடக்காது. எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்." படத்தை வீட்டுப்பாடமாக மட்டும் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மறுநாள் அக்காவும் சித்தியும் வரைந்த படம்தான் வரும்.

கிறிஸ்துமஸ் வாரத்திலோ பொங்கல் வாரத்திலோ இந்தப் பாடத்தை வைத்தால் அந்த ஒரு பண்டிகையே எல்லாத் தாளையும் நிரப்பிவிடும், பெரிய பண்டிகை எதுவும் பக்கத்தில் இல்லாத வாரமாகப் பார்த்து வையுங்கள். வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டும்போது "கிறிஸ்துமஸ்", "ஓணம்" என்று தலைப்புப் போட்டுப் பிரித்து ஒட்டினால் முதல் நாள் தவிர்த்த கூட்டங்கள் சுவரில் திரும்பிவிடும். வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒட்டுங்கள். சுவரில் போட வேண்டாம் என்று சொன்ன பிள்ளையின் தாளை மடித்து அதன் பையிலேயே கொடுத்தனுப்புங்கள்.