படத்தில் டேப் இருந்தும் ஸ்கிரீன் துணி ஏன் குறைகிறது?

ஜன்னலைப் படம் எடுத்து, அதில் ஒரு டேப்பும் தெரியும்படி வாட்ஸ்ஆப்பில் தையல்காரருக்கு அனுப்பிவிட்டு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்பது இப்போது வழக்கம். இந்த முறையில் நல்ல கணக்கு வரும். ஆனால் பெரும்பாலான படங்களில் டேப் ஜன்னலின் அடியில் படுக்கையாக, அகலத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். முதல் தவறு அதுதான். ஸ்கிரீனில் அகலம் கொஞ்சம் தப்பினால் மடிப்பு அதை விழுங்கிவிடும். உயரம் தப்பினால் விழுங்க ஒன்றுமில்லை, தரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும்.

ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். அகலம் 4 அடி. இரண்டு பக்கமும் 6 இன்ச் தள்ளி ராடு மாட்டினால் ராடு 60 இன்ச். லிண்டலின் அடிமட்டம் தரையிலிருந்து 7 அடி, அதற்கு 4 இன்ச் மேலே ராடு. ஆக ராடிலிருந்து தரை வரை 88 இன்ச். துணியின் பன்னா, அதாவது அகலம், 48 இன்ச், வளையம் வைத்த ஸ்கிரீன், இரண்டு பக்கமும் ஒதுக்குகிற மாதிரி.

மடிப்பு அழகாக விழ, ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். அதாவது 120 இன்ச். இரண்டு பீஸ் வைத்தால் ஓர மடிப்புப் போக 90 இன்ச்தான் தேறும், போதாது. மூன்று பீஸ் வாங்கி, ஒன்றை நீளவாட்டில் பாதியாக்கி இரு பக்கமும் சேர்த்துத் தைத்தால், ஓரமும் மூட்டும் போக சுமார் 136 இன்ச் கிடைக்கும். இப்போது பாருங்கள்: ராடு 46 என்று படித்தாலும் 68 என்று படித்தாலும் விடை அதே மூன்று பீஸ்தான். படத்தில் நாலைந்து இன்ச் பிசகினால் இங்கே துணிக்கணக்கு மாறவே மாறாது. 45, 68 போன்ற எல்லைகளுக்குப் பக்கத்தில் அளவு வந்தால் மட்டும் அகலத்தை இன்னொரு முறை சரிபார்த்தால் போதும்.

உயரம் அப்படியல்ல. வளையத்துக்கு மேலே துணி ராடைத் தாண்டி ஒன்றரை இன்ச் நிற்கும். கீழே தரை தட்டாமல் அரை இன்ச் விட வேண்டும். ஆக தைத்து முடித்த நீளம் 89. மேலே பக்ரம் வைத்து மடிக்கவும் கீழே ஓரம் மடித்து அடிக்கவும் 10 இன்ச் சேர்த்தால் ஒரு பீஸ் 99 இன்ச். மூன்று பீஸுக்கு 297 இன்ச், அதாவது 7.54 மீட்டர். ஏழே முக்கால் மீட்டர் வாங்கலாம்.

இதே ஜன்னலை, ஒருவர் சுவருக்கு ஒரு அடி முன்னால் நின்று டேப்பை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் சுவரிலிருந்து 8 அடி தள்ளிப் படம் எடுக்கிறார் என்று வையுங்கள். டேப் கேமராவுக்கு 7 அடியிலும் சுவர் 8 அடியிலும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். டேப்பின் ஒரு இன்ச் படத்தில் ஏழுக்கு எட்டு என்ற விகிதத்தில் பெரிதாகிவிட்டதால், சுவரில் உள்ள 88 இன்ச் அந்த டேப்பின் கணக்கில் 77 ஆகிறது. அதை நம்பி வாங்கினால் 6.7 மீட்டர்தான் வரும். தைத்து மாட்டும்போது தரைக்கு மேலே பதினொன்றரை இன்ச் காலியாக இருக்கும். அப்புறம் அடியில் வேறு துணியில் பட்டை ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 9 இன்ச் சுவரில் கிரில் உள்ளடங்கி இருக்கும். ராடு சுவரை விட்டு வெளியே நிற்கும். டேப்பைக் கிரிலில் கட்டிவைத்து எடுத்தால் அது ராடைவிடப் பின்னால் போய்விடுகிறது. ராடுக்கு 6 அடி தூரத்திலிருந்து எடுத்து, கிரில் அதற்கும் 8 இன்ச் உள்ளே இருந்தால், 60 இன்ச் ராடு கிட்டத்தட்ட 67 என்று வரும். சன்னல் திண்டில் டேப்பை வைப்பதும் இதே கதைதான். டேப் எங்கே தெரிகிறது என்பது முக்கியமில்லை, துணி தொங்கப்போகும் அதே தளத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அதனால் சரியான இடம் ராடேதான். ஸ்டீல் டேப்பின் கொக்கியை ராடில் மாட்டித் தரை வரை தொங்கவிடுங்கள். தையல் டேப் 60 இன்ச்தான் இருக்கும், இதற்கு எட்டாது. 5 மீட்டர் ஸ்டீல் டேப் வேண்டும். ராடு இன்னும் மாட்டவில்லையென்றால் அது வரப்போகும் உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, மாஸ்கிங் டேப்பால் கொக்கியை ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் ராடுக்கும் உள்ள மூன்று இன்ச் இடைவெளி இங்கே உயரத்தைக் கெடுக்காது, ஏனென்றால் டேப் தரை வரை வந்துவிட்டதால் உயரத்தைக் கணக்கிட வேண்டியதே இல்லை, எண்ணைப் படித்தால் போதும். தரையைத் தொடும் இடத்தை மட்டும் கிட்டப்போய், டேப்புக்கு நேரெதிரே குனிந்து, தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். தூரத்துப் படத்தில் 88-உம் 89-உம் ஒரே மாதிரிதான் தெரியும். ராடின் இரண்டு முனையிலும் இதைச் செய்வது நல்லது, பழைய வீடுகளில் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

அகலத்துக்குத்தான் படத்தை அளக்க வேண்டியிருக்கும். அங்கே டேப்பின் ஒரு இன்ச்சை அளந்து பெருக்காதீர்கள். படத்தில் ஒரு இன்ச் 30 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் தவறினாலே மூன்று சதவீதம் போய்விடும். 20-லிருந்து 80 வரை என்று நீளமான ஒரு பகுதியை எடுத்து, அந்த 60 இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்று பாருங்கள். போனைக் கீழிருந்து அண்ணாந்து பிடித்திருந்தால் மேலே உள்ள இன்ச்சுகள் சிறுத்திருக்கும். 10-20 பகுதியும் 70-80 பகுதியும் ஒரே பிக்சல் நீளம் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வரவில்லையென்றால் கணக்கு வேண்டாம், ஜன்னலின் நடு உயரத்துக்குப் போனைக் கொண்டுபோய் மறுபடி எடுங்கள். 0.5x வேண்டாம், ஓரங்கள் இழுபடும். பின்னால் போய் 1x-இல் எடுங்கள், இடம் இருந்தால் 2x இன்னும் நல்லது.

எழுதி அனுப்பும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஏழு அடி நாலு இன்ச்சை 7.4 அடி என்று எழுதுவார்கள். கால்குலேட்டரில் போட்டால் அது 88.8 இன்ச். ஏழு அடி பத்து இன்ச்சை 7.10 என்று எழுதினால் 94-க்குப் பதில் 85 ஆகிவிடும். முழுக்க இன்ச்சிலேயே எழுதுங்கள்.

கடைசியாக, பூ வேலை உள்ள துணியென்றால் ஜன்னல் படம் மட்டும் போதாது. துணியை விரித்து, அதன்மேலேயே டேப்பை வைத்து, ஒரு பூவிலிருந்து அதே பூ மறுபடி வரும் வரை எத்தனை இன்ச் என்று தெரியும்படி இன்னொரு படம் வேண்டும். அது 24 இன்ச் என்றால், எல்லாப் பீஸிலும் பூ ஒரே மட்டத்தில் நிற்க 99-ஐ 24-இன் மடங்காக, 120 ஆக உயர்த்த வேண்டும். முதல் இரண்டு பீஸுக்கு 120, மூன்றாவதுக்கு 99, மொத்தம் 339 இன்ச், அதாவது 8.6 மீட்டர். மேல்முனையில் பூ எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதைப் பொறுத்து இன்னும் அரை மீட்டர் கூட்டி வாங்குங்கள்.