மினிமம் டியூ கட்டினேன், அப்புறம் எதுக்கு வட்டி?

அக்கா மகன் வேலையில் சேர்ந்து வாங்கிய முதல் கிரெடிட் கார்டு. ஜூன் 20 அன்று 20,000 ரூபாய்க்கு போன் வாங்கினான். ஜூலை 15 ஸ்டேட்மென்ட்டில் மொத்த பாக்கி 20,000, மினிமம் டியூ 1,000, கடைசித் தேதி ஆகஸ்ட் 4. சரியாக அன்றைக்கு 1,000 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தான். அடுத்த ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததும் எனக்கு போன். "மாமா, ஒழுங்காத்தானே கட்டினேன், ஃபைனான்ஸ் சார்ஜ்னு போட்டிருக்கான்!"

மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீ வராது, சிபில் ஸ்கோரில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அவ்வளவுதான். வட்டியை அது நிறுத்தாது.

பலரும் தவறாக நினைப்பது, மிச்சமுள்ள 19,000-க்கு மட்டும், அதுவும் கடைசித் தேதிக்குப் பிறகுதான் வட்டி என்று. அப்படியில்லை. வட்டியில்லாத அவகாசம் என்பது மொத்த பாக்கியையும் கட்டுபவருக்கான சலுகை. கட்டாவிட்டால், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அவன் கார்டில் மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42. போன் வாங்கிய நாளிலிருந்து ஆகஸ்ட் 4 வரை 45 நாளுக்கு, முழு 20,000-க்கும் வட்டி 1,036 ரூபாய். அங்கிருந்து ஆகஸ்ட் 15 வரை 19,000-க்கு 240.

இதற்கிடையில் ஜூலை 20 அன்று 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்கியிருந்தான். பழைய பாக்கி நிற்கும்போது புதுச் செலவுக்கும் அவகாசம் கிடையாது. அதற்கு 26 நாள் வட்டி 90. ஆக 1,366, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 246. கட்டியது 1,000, ஏறியது 1,612. புது பாக்கி 23,612!

இதை முழுசாகக் கட்டினாலும் அடுத்த மாதம் ஒரு சின்ன வட்டி வரும். ஆகஸ்ட் 15-லிருந்து பணம் போய்ச்சேரும் நாள் வரைக்குமானது அது. செப்டம்பர் 4 அன்று கட்டினால் 506 ரூபாயும் ஜிஎஸ்டியும். பேங்க் தப்பாகப் போட்டுவிட்டது என்று சண்டைக்குப் போகாமல் அதையும் கட்டிவிட்டால் கணக்கு தீரும். அதுவரை அந்தக் கார்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, ஆட்டோ டெபிட். விண்ணப்பத்தில் மொத்த பாக்கியா, மினிமம் டியூவா என்று கேட்டிருப்பார்கள். இரண்டாவதை டிக் செய்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். உங்களுடையது எது என்று ஆப்பில் ஒருதரம் பாருங்கள்.

கடைசித் தேதி தாண்டினாலும் மூன்று நாள் இருக்கிறதே என்பார்கள். அந்த மூன்று நாளில் லேட் ஃபீ போடக்கூடாது என்பதுதான் ரிசர்வ் வங்கி விதி. வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலோ, அவகாசம் என்ற பேச்சே கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு.